விற்காத நிலமும் 'வுட் ஹேவ்'வும்

நான் நடத்தும் மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரு பெண் எழுந்து, தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா இருபது வருடங்களுக்கு முன்பு ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டார். "அப்பா அன்றைக்கு நிலத்தை விற்காமல் இருந்திருந்தால், இன்றைக்கு எங்களிடம் இரண்டு ஏக்கர் இருக்கும். இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது, மேடம்?"

அவரே ஒரு முயற்சியும் செய்தார்: "இஃப் அப்பா ஹேட் நாட் சோல்ட் த லேண்ட், வீ வுட் ஹேவ் ஹேட் டூ ஏக்கர்ஸ்." முதல் பாதி சரி. இரண்டாம் பாதியில்தான் சறுக்கல். அதைக் கேட்கும் ஆங்கிலேயர், "எப்போது?" என்று கேட்பார். ஏனென்றால் 'வுட் ஹேவ் ஹேட்' என்பது 'இருந்திருக்கும்'. அவர் சொல்ல வந்ததோ 'இருக்கும்'.

பள்ளியில் இந்த வாக்கியங்களை எண் போட்டுச் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்றாம் வகை நிபந்தனை வாக்கியத்தில் காரணமும் விளைவும் கடந்த காலத்தில். இரண்டாம் வகையில் இரண்டும் இன்றைய கற்பனையில். வாழ்க்கை அப்படிப் பிரிந்து கிடப்பதில்லை. அன்றைக்கு நடந்த ஒன்றின் பலன் இன்றைக்கும் தொடர்கிறது. அதைச் சொல்லத்தான் கலப்பு நிபந்தனை: முன்பாதியை மூன்றாம் வகையிலிருந்தும் பின்பாதியை இரண்டாம் வகையிலிருந்தும் எடுத்துச் சேர்க்கிறோம். 'இஃப்' பக்கத்தில் 'ஹேட்', அதோடு வினையின் மூன்றாம் வடிவம். விளைவுப் பக்கத்தில் 'வுட்', அதோடு வினையின் மூல வடிவம். ஆகவே அந்தப் பெண்ணுக்கு வேண்டிய வாக்கியம்: "இஃப் அப்பா ஹேட் நாட் சோல்ட் த லேண்ட், வீ வுட் ஹேவ் டூ ஏக்கர்ஸ் நவ்."

இதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பே குழம்பியது. "'வுட் ஹேவ்' வந்தாலே கடந்த காலம்தானே?" என்றார்கள். நியாயமான கேள்வி. இங்கே 'ஹேவ்' துணை வினை அல்ல, 'வைத்திருப்பது' என்ற பொருள் தரும் முதன்மை வினை. அதற்கு அடுத்து எது வருகிறது என்று பார்த்தால் போதும். 'ஹேட்', 'பீன்', 'கான்' போன்ற மூன்றாம் வடிவம் வந்தால் கடந்த காலம். 'டூ ஏக்கர்ஸ்', 'எ ஜாப்' போல ஒரு பொருள் வந்தால், பேச்சு இன்றைக்கானது.

எனக்கு இதில் பிடித்த விஷயம், தமிழர்களாகிய நமக்கு இந்த வேறுபாடு ஏற்கெனவே தெரியும் என்பதுதான். 'அக்கா கல்யாணத்தின்போது இரண்டு ஏக்கர் இருந்திருக்கும்', 'இன்றைக்கு இரண்டு ஏக்கர் இருக்கும்' என்ற இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதே இல்லை. முதலாவது 'வுட் ஹேவ் ஹேட்', இரண்டாவது 'வுட் ஹேவ்'. அதேபோல, 'அன்றே மாத்திரை போட்டிருந்தால் காய்ச்சல் வந்திருக்காது' என்றால் 'வுட் நாட் ஹேவ் கம்'. 'இப்போது காய்ச்சல் இருக்காது' என்றால் 'வுட் நாட் ஹேவ் எ ஃபீவர் நவ்'. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள் என்றுதான் நான் சொல்கிறேன்.

ஆனால் இந்த வழிக்கு எல்லை உண்டு. 'அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் இந்நேரம் ஊருக்குப் போயிருப்பேன்.' இதில் 'இந்நேரம்' இருப்பதால் பலரும் 'வுட்' மட்டும் போட்டு நிறுத்துகிறார்கள். ஆனால் போய்ச் சேர்வது நடந்து முடியும் செயல், ஆகவே 'ஐ வுட் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்' என்பதே சரி. 'இந்நேரம் வீட்டில் இருப்பேன்' என்றால் அது நிலை, அங்கேதான் 'ஐ வுட் பி அட் ஹோம் நவ்'. 'தூங்கிக்கொண்டிருப்பேன்' இன்னும் சிக்கல். இப்போது தூங்குவதற்கும், நேற்று நீங்கள் போன் செய்தபோது தூங்கியதற்கும் தமிழில் அதே சொல்தான். ஆங்கிலம் அதை 'வுட் பி ஸ்லீப்பிங்', 'வுட் ஹேவ் பீன் ஸ்லீப்பிங்' என்று பிரித்துவிடும். இங்கே காலச் சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முன்பாதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பேச்சில் 'அப்பா விற்காமல் இருந்தால்' என்று சுருக்கிவிடுகிறோம். அதை அப்படியே 'இஃப் அப்பா டிட் நாட் செல்' என்று மாற்றினால், நிலம் இன்னும் கையில் இருப்பதுபோல் கேட்பவருக்குத் தோன்றும். 'இஃப் அப்பா வுட் ஹேவ் நாட் சோல்ட்' என்பதும் அடிக்கடி வரும் பிழை. அமெரிக்கப் பேச்சில் 'இஃப்' பக்கத்திலேயே 'வுட் ஹேவ்' காதில் விழும், ஆனாலும் தேர்வுத்தாளில் மதிப்பெண் போகும்.

அந்தப் பெண்ணின் அடுத்த கேள்வி திரைப்படங்களைப் பற்றியது. அங்கே 'ஹேட்' என்றும் கேட்பதில்லை, 'வுட்' என்றும் கேட்பதில்லை, இரண்டும் 'ட்' என்ற ஒரே மெல்லிய ஒலியாகச் சுருங்கிவிடுகின்றன: "இஃப் ஹீ'ட் நாட் சோல்ட் இட், வீ'ட் ஹேவ் டூ ஏக்கர்ஸ்." முதல் 'ட்'டுக்குப் பின் 'சோல்ட்' என்ற மூன்றாம் வடிவம், ஆகவே அது 'ஹேட்'. இரண்டாவதற்குப் பின் 'ஹேவ்' என்ற மூல வடிவம், ஆகவே அது 'வுட்'. 'புட்', 'கம்' போல மூல வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருக்கும் வினைகளில் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது அது 'இஃப்' பக்கத்தில் நிற்கிறதா, விளைவுப் பக்கத்தில் நிற்கிறதா என்று இடத்தைப் பார்க்க வேண்டும்.