காலையில் பிளாஸ்கில் ஊற்றிய தேத்தண்ணி மதியம் வரை தாங்குமா?

விடியற்காலை 5 மணிக்கே தேத்தண்ணி கலக்கி, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது தோட்டத்திலும் பட்டணத்திலும் பல குடும்பங்களின் வழக்கம். அதுவே மதியம் வரை ஓடும். மிஞ்சியதை மாலையில் சுடவைத்துக் குடிப்பவர்களும் உண்டு. இதில் முதலில் கவனிக்க வேண்டியது பாலும் சூடும்தான்.

டின் பால் அதிலுள்ள சீனியால் கெடாமல் இருக்கிறது. தேத்தண்ணியில் கரைந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பாலிலும் பால்மாவிலும் 'பாசில்லஸ் செரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கும் நீரிலும் அவை சாகாமல் தப்பக்கூடும். தேத்தண்ணி 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்வரை அவை வளராது. சூடு இறங்கி வெதுவெதுப்பானதும் முளைத்துப் பெருகத் தொடங்கும்.

5 மணிக்கு நிரப்பிய பிளாஸ்க்கை 7 மணிக்கும் 9 மணிக்கும் திறந்து ஊற்றினால், ஒவ்வொரு முறையும் சூடு வெளியேறும். பாதி காலியான பிளாஸ்க் இன்னும் சீக்கிரம் ஆறும். 10 மணிக்கு ஊற்றும்போது, ஊதி ஆற்றாமலேயே மடமடவென்று குடிக்க முடிகிறது என்றால் சூடு 60 டிகிரிக்குக் கீழே போய்விட்டது என்று கொள்ளலாம். அதிலிருந்து 4 மணி நேரம், அதாவது 2 மணி கடந்தால், மிச்சத்தைக் கொட்டிவிடுவதே நல்லது.

மீண்டும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடாதா? கொதியில் வளர்ந்த கிருமிகள் சாகும். ஆனால் இந்தக் கிருமி விட்டுச்செல்லும் வாந்தி நஞ்சு கொதித்தாலும் அழியாது. அதற்கு வாசனையும் இல்லை. புளிப்போ திரிவோ தெரிந்தால் கொட்டிவிட வேண்டும். அவை தெரியவில்லை என்பதால் நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. குடித்த சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வருவதே இதன் அறிகுறி.

சுவை மாறுவது வேறு விஷயம். தூள் ஊறிக்கொண்டே இருந்தால் டேனின் எனும் துவர்ப்புச் சத்து அதிகம் இறங்கி, நாக்கைப் பிடிக்கும். பால் அந்தத் துவர்ப்பைக் கொஞ்சம் அடக்கும். நேரம் ஆக ஆக நிறம் கருக்கும். சுடவைக்கும்போது மணம் ஆவியோடு போய்விடும். இதனால் ருசி கெடுமே தவிர, டேனின் நஞ்சாக மாறுவதில்லை.

எளிய வழி ஒன்று உண்டு. கொதிநீரை 5 நிமிடம் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, தூளை வடிகட்டிய சுடச்சுட 'தே ஓ'வை வாய்வரை நிரப்பலாம். டின் பாலைச் சுத்தமான, ஈரமில்லாத சிறு போத்தலில் தனியாக எடுத்துச் சென்று, குடிக்கும்போது கோப்பையில் கலந்துகொள்ளலாம். வீடு திரும்பியதும் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவிக் காயவைக்க வேண்டும். பழைய பால் படிவது பெரும்பாலும் அங்கேதான்.