ஜமுக்காளத்தில் ஒட்டிய சூயிங்கம்: ஐஸ் கட்டியே மருந்து

கல்லாவுக்குப் பக்கத்தில் ஜாடி வைத்துச் சூயிங்கம் விற்கும் நமக்கு, மென்று துப்பிய சூயிங்கம் நம் கடையிலேயே ஒட்டிக்கொள்வது பழகிப்போன தொல்லை. முக்கூடலில் நம் கடை ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கணக்கு முடித்து எழுந்த பழைய வாடிக்கையாளர் ஒருவரின் வேட்டியில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அது ஒட்டியிருந்தது. அவரோ கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு வந்தவர். நம் கடைப் பையன் உதவி செய்கிற நினைப்பில் வெந்நீர் ஊற்றித் தேய்த்தான். பசை இளகி நூலுக்குள் இறங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. புது வேட்டி வாங்கிக் கொடுத்துத்தான் அவரை அனுப்பினோம்.

ஜமுக்காளத்தில் மிஞ்சியதை மட்டும் ஐஸ் வைத்து எடுத்தோம், சுத்தமாக வந்துவிட்டது. காரணம் எளியது. சூயிங்கத்தின் சர்க்கரை வாயிலேயே கரைந்துவிடும். மிஞ்சுவது ரப்பர் போன்ற பசை. அது தண்ணீரில் கரையாது. சூட்டில் இளகும், குளிரில் விறைத்து நொறுங்கும்.

சோடாக் கடையில் கிடைக்கும் ஐஸ் கட்டிகளைக் கழுவிக் காயவைத்த பால் கவரில் போட்டு, வாயை இறுகக் கட்டுங்கள். கவர் இல்லாமல் வைத்தால் துணி நனைந்து சாயம் இறங்கும். கவரைச் சூயிங்கத்தின் மேல் பதினைந்து, இருபது நிமிடம் வையுங்கள். நகத்தால் அழுத்தினால் குழி விழக் கூடாது. விழுந்தால் இன்னும் குளிர வேண்டும். ஐஸை உடைத்து, மூன்று கைப்பிடிக்கு ஒரு கைப்பிடி கல் உப்புச் சேர்த்தால் குளிர் மேலும் கூடும்.

விறைத்ததும் துணியை அடிப்பக்கமிருந்து மடக்கினால் சூயிங்கம் விரிசல் விடும். கரண்டிக் காம்பை ஓரத்தில் கொடுத்து நெம்புங்கள். கூரிய கத்தி வேண்டாம், நூல் அறுந்துவிடும். முடியுள்ள கார்ப்பெட்டில் சுரண்டாமல், கரண்டியின் முதுகால் தட்டி உடைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரமே மறுபடி இளகும். ஆகவே தூள்களை உடனே பொறுக்கிவிட்டு, மீதிக்குத் திரும்ப ஐஸ் வையுங்கள். இழுக்கும்போது நூலாக நீண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

நூலுக்குள் ஏற்கெனவே இறங்கிய பசையை ஐஸ் எடுக்காது. அதற்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி, துணியால் ஒற்றி, பிறகு சோப்புப் போட்டு அலச வேண்டும். பட்டு, ஜரிகைத் துணிக்கு இந்த எண்ணெய் வேலை ஆகாது. சலவைக்காரரிடம் கொடுப்பதே நல்லது. மண்ணெண்ணெய் பசையை இளக்கும்தான். ஆனால் வாடை போகாது, சரக்குள்ள கடையில் தீ பயமும் உண்டு.

வெந்நீரும் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்திலேயே வரக் கூடாது என்று நம் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அந்த ஒரு வேட்டியின் விலை நமக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.