கேமராவுக்குப் போகும் ஒற்றை ஒயர்

வாசல் கேட்டுக்கு மேலே ஒரு கேமரா வைக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, நிறைந்ததும் கீழே மோட்டாரை நிறுத்தச் சொல்லும் சின்ன கன்ட்ரோலர் பலகை ஒன்றும் வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்ததும் முதலில் கேட்பது, "அங்க பிளக் பாயின்ட் இருக்கா சார்?" என்பதுதான். இரண்டு இடத்திலும் இருக்காது. மழையும் வெயிலும் படும் இடத்துக்கு 230 வோல்ட்டைக் கொண்டுபோய், அதற்கொரு பெட்டி செய்து, அதற்குள் அடாப்டரை வைத்து மூடுவது செலவும் ஆபத்தும் சேர்ந்த வேலை. வைஃபை கேமரா வாங்கினாலும் இந்தத் தொல்லை தீராது. படம் காற்றில் வந்துவிடும், கரன்ட் வராதே.

இதற்கு நல்ல வழி, படத்தைக் கொண்டுவரும் நெட்வொர்க் ஒயரிலேயே கரன்ட்டையும் அனுப்பிவிடுவது. இதற்குப் பெயர் பவர் ஓவர் ஈத்தர்நெட். சுருக்கமாகப் பி.ஓ.இ. என்பார்கள். வீட்டுக்குள் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு பி.ஓ.இ. ஸ்விட்ச் இருக்கும். விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல, பல நெட்வொர்க் ஒயர்களைச் சேர்க்கும் பெட்டி. அதிலிருந்து கேட்டுக்கு ஓர் ஒயர், மாடிக்கு ஓர் ஒயர். அவ்வளவுதான்.

ஒரே ஒயரில் இரண்டும் எப்படிக் கலக்காமல் போகின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம். நெட்வொர்க் ஒயரை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகளாக இருக்கும். ஒரு ஜோடியில் தகவல் என்பது அந்த இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டுமே. இரண்டு கம்பிகளையும் ஒரே அளவு உயர்த்தினால் வித்தியாசம் மாறாது, தகவலும் கெடாது. ஆகவே ஒரு ஜோடியை முழுதாக பிளஸ் ஆகவும் இன்னொரு ஜோடியை முழுதாக மைனஸ் ஆகவும் வைத்துக்கொள்கிறார்கள். தகவல் தன் வழியே ஓடிக்கொண்டிருக்க, கரன்ட் ஒரு ஜோடியில் போய் மற்ற ஜோடியில் திரும்புகிறது.

இப்போது எல்லோரும் தவறாக நினைக்கும் இடத்துக்கு வருகிறோம். "பி.ஓ.இ. ஸ்விட்ச் என்றால் எல்லா ஓட்டையிலும் 48 வோல்ட் நிற்குமே, தெரியாமல் லேப்டாப்பைச் செருகிவிட்டால் எரிந்துவிடாதா?" இந்தப் பயத்திலேயே பலர் இதை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முறைப்படி செய்த ஸ்விட்ச்சின் காலி ஓட்டையில் 48 வோல்ட் நிற்பதே இல்லை.

நாம் ஒயரைச் செருகியதும் ஸ்விட்ச் முதலில் மிகக் குறைந்த வோல்ட்டை, 10 வோல்ட் அளவுக்குள், அனுப்பிப் பார்க்கிறது. மறுமுனையில் பி.ஓ.இ. கருவி இருந்தால், அதற்குள் 25 கிலோ ஓம் அளவுள்ள ஒரு தடை இதற்கென்றே வைக்கப்பட்டிருக்கும். அந்த அளவு கண்ணில் பட்டால்தான் ஸ்விட்ச் அடுத்த படிக்கு நகரும். பிறகு வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றி, எத்தனை வாட் வேண்டும் என்று கேட்கும். கருவி எடுக்கும் கரன்ட்டின் அளவே அதற்குப் பதில். அதற்குப் பிறகுதான் 48 வோல்ட் வரும். கதவைத் தட்டியவர் யார் என்று கேட்டு, குரல் தெரிந்த பிறகே தாழ்ப்பாளைத் திறக்கிறோமே, அப்படி. லேப்டாப்பிலோ பழைய பிரின்டரிலோ அந்த 25 கிலோ ஓம் அடையாளம் கிடையாது. தாழ்ப்பாள் திறக்காது; நெட்வொர்க் மட்டும் வழக்கம்போல ஓடும்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காத பொருட்களும் சந்தையில் இருக்கின்றன. அவற்றைப் பேசிவ் பி.ஓ.இ. என்பார்கள். ஒயரில் கரன்ட்டை ஏற்றும் மலிவான இன்ஜெக்டர்கள் பலவும் இந்த வகை. 24 வோல்ட்டோ 48 வோல்ட்டோ, எது செருகியிருந்தாலும் எப்போதும் ஒயரில் நிற்கும். மேலே சொன்ன பயம் இந்த வகைக்குப் பொருந்தும், தவறான கருவியைச் செருகினால் அது போய்விடலாம். ஆகவே இணையக் கடையில் தேடும்போது `802.3af` அல்லது `802.3at` என்று தட்டச்சு செய்யுங்கள். பொருளின் விவரத்தில் இந்த எண் இருந்தால் அது கேட்டுவிட்டுக் கொடுக்கும் வகை. வெறுமனே "பி.ஓ.இ." என்றும் ஒரு வோல்ட் அளவும் மட்டும் போட்டிருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஏன் 48 வோல்ட்? கேமரா 12 வோல்ட்டில்தானே ஓடுகிறது, அதையே அனுப்பக் கூடாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கேட் வரை 40 மீட்டர் ஒயர், கேமராவுக்கு 6 வாட். மெல்லிய செம்புக் கம்பி என்பதால் போய்வரும் பாதைக்குச் சுமார் 3.6 ஓம் தடை இருக்கும். 12 வோல்ட்டில் 6 வாட் வேண்டுமானால் அரை ஆம்பியர் ஓட வேண்டும். வழியிலேயே 1.8 வோல்ட் தொலைந்து கேமராவுக்கு 10.2 தான் சேரும். 48 வோல்ட்டில் அதே 6 வாட்டுக்கு எட்டில் ஒரு பங்கு ஆம்பியர் போதும். தொலைவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. கரன்ட் நான்கில் ஒரு பங்கானால் ஒயரில் சூடாக வீணாகும் வாட் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதனால்தான் இந்த மெல்லிய ஒயர் நூறு மீட்டர் வரை தாங்குகிறது. மறுமுனையில் 48 வோல்ட்டை 12 ஆகவோ 5 ஆகவோ குறைக்கும் வேலையைக் கேமராவே செய்துகொள்ளும். பி.ஓ.இ. இல்லாத கருவியானால் ஸ்ப்ளிட்டர் என்ற சின்ன டப்பா அதைச் செய்யும்.

எனக்கு இதில் மிகப் பிடித்த பலன் கரன்ட் போகும்போது தெரியும். கேமராக்கள் எங்கெங்கோ இருந்தாலும் எல்லாவற்றுக்கும் மின்சாரம் புறப்படும் இடம் ஒன்றே. ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் ஒரு சிறிய யு.பி.எஸ்.-இல் போட்டுவிட்டால் தெருவே இருண்டாலும் கேட்டும் தொட்டியும் கண்ணில் இருக்கும். இன்னொன்று: கேமரா உறைந்து நின்றுவிட்டால் ஏணி தேட வேண்டாம். செட்டிங் மாற்ற வசதியுள்ள ஸ்விட்ச் என்றால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ஓட்டையின் கரன்ட்டை நிறுத்திப் போடலாம்.

இனி எல்லைகள். `802.3af` வகையில் ஓர் ஓட்டைக்கு 15.4 வாட், ஒயரில் தொலைவதைக் கழித்து, கருவிக்கு 12.95 வாட் உறுதி. `802.3at` என்றால் 30 வாட் புறப்பட்டு 25.5 சேரும். கேமராவுக்கு இது தாராளம். ஆனால் ஓட்டைக் கணக்கு வேறு, பெட்டியின் மொத்தக் கணக்கு வேறு. எட்டு ஓட்டை இருந்தால் எட்டுப் பதினைந்து வாட் உண்டு என்று அர்த்தமில்லை. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மொத்த வாட் போட்டிருக்கும்.

மொத்தம் 30 வாட் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் மூன்று சாதாரணக் கேமராக்கள், பகலில் ஆளுக்கு 4 வாட். சுழலும் கேமரா ஒன்று, 6 வாட். தொட்டிப் பலகை 1 வாட். மொத்தம் 19, நிம்மதி. அந்தி சாய்ந்ததும் எல்லாக் கேமராவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரவுப் பார்வைக்கான அகச்சிவப்பு விளக்கைப் போடுகின்றன. சாதாரணக் கேமரா 7 வாட்டுக்கும் சுழலும் கேமரா 11 வாட்டுக்கும் ஏறுகின்றன. மொத்தம் 33. ஸ்விட்ச் ஏதோ ஓர் ஓட்டையைத் துண்டிக்கும். துண்டித்ததும் இடம் கிடைக்கும், கேமரா மறுபடி எழும், விளக்கைப் போடும், மறுபடி விழும். பகலில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். "இருட்டினால் மட்டும் ஆஃப் ஆகுது" என்ற புகார் வந்தால் கேமராவை மாற்றுவதற்கு முன், ஒவ்வொன்றும் அதிகபட்சம் எடுக்கும் வாட்டைக் கூட்டிப் பாருங்கள்.

தொட்டிப் பலகைக்கு வரும் சிக்கல் இதற்கு நேர் எதிர்: அது எடுப்பது போதாமல் போகலாம். பேட்டரியில் ஓடும் பலகைகளைத் தூங்கவைத்து மிச்சம் பிடிப்பது நல்ல பழக்கம். பி.ஓ.இ.-இல் அதே பழக்கம் தொல்லையாகிவிடும். கரன்ட் கொடுத்த பிறகும் ஸ்விட்ச் கவனித்துக்கொண்டே இருக்கிறது. கருவி 10 மில்லி ஆம்பியருக்குக் கீழே போய், ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே இருந்தால், ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள் என்று எண்ணி நிறுத்திவிடும். 48 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் என்பது அரை வாட் அளவு. ஆழ்ந்து தூங்கும் பலகை அதைவிட மிகக் குறைவாக எடுக்கும். உடனே துண்டிப்பு, மறுபடி கேள்வி, மறுபடி 48 வோல்ட், பலகை எழுந்து மறுபடி தூக்கம். ஓட்டையின் பி.ஓ.இ. விளக்கு சில விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். மருந்து எளிது: பலகையைத் தூங்கவிடாதீர்கள். இங்கே மிச்சம் பிடிக்க பேட்டரி எதுவும் இல்லை. மோட்டாரை ஓட்டும் கரன்ட்டும் இந்த ஒயரில் வராது என்பதைச் சொல்லவே வேண்டாம். பலகை மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குச் சைகை மட்டும்தான் அனுப்பும்.

ஒயரில் கஞ்சத்தனம் வேண்டாம். பாதி விலைக்குக் கிடைக்கும் பல கட்டுகளில் கம்பி அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அலுமினியத்துக்குத் தடை அதிகம், எளிதில் ஒடியும், கிரிம்ப் செய்த இடம் நாளடைவில் தளரும். முழுச் செம்பான கேட் 5இ அல்லது கேட் 6 வாங்குங்கள். சுவருக்குள் போன பிறகு மாற்ற முடியாது.

கடைசியாக, மின்னல். வெளியே போகும் ஒவ்வொரு செம்பு ஒயரும் வடகிழக்குப் பருவமழையில் இடியை வீட்டுக்குள் அழைக்கும் வழி. இடி நேரே விழ வேண்டும் என்பதில்லை; பக்கத்தில் விழுந்தாலே ஒயரில் பாய்ச்சல் எழும், ஸ்விட்ச்சோடு அதில் மாட்டியிருக்கும் மற்றவையும் போகலாம். வெளி ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பி.ஓ.இ.-க்கென்று விற்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றைப் போட்டு, அதன் எர்த் ஒயரை வீட்டு எர்த்தோடு ஒழுங்காக இணைக்க வேண்டும்; எர்த் கொடுக்காத புரொடெக்டர் வெறும் டப்பா. தோட்டத்துக் கடைசியில் தனி மீட்டர், தனி எர்த்தோடு மோட்டார் அறை இருந்தால் அங்கே செம்பு ஒயரே கொண்டுபோகாதீர்கள். இரண்டு எர்த்துகளுக்கும் இடையே மின்னல் நேரத்தில் பெரிய வோல்ட் வித்தியாசம் வரும், அது இந்த ஒயர் வழியாகத்தான் பாயும். அந்தத் தூரத்துக்கு ஃபைபர் போட்டுவிட்டு, கேமராவுக்கான கரன்ட்டை மோட்டார் அறையிலேயே எடுத்துக்கொள்வதுதான் சரி.