தொப்பியும் சுங்கானும்: நிழலுருவப் போட்டி வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

நிழலுருவப் போட்டிக்கு விடைகள் வந்து சேர வேண்டிய கடைசி நாள் வருகிற 15ஆம் தேதி என்று அறிவித்திருக்க, இந்த வாரத்துத் தபாலில் விடைகளைக் காட்டிலும் சந்தேகங்களே மிகுதியாக வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை, விடையுடனேயே வெளியான மாதிரிப் படத்தைப் பற்றியவை. இடப்புறம் நோக்கிய ஒரு தலை, அதன்மேல் முன்னும் பின்னும் விளிம்பு நீட்டிய தொப்பி, உச்சியில் சிறிய முடிச்சு, வாயிலிருந்து வளைந்து தொங்கும் சுங்கான், தோளோடு வெட்டப்பட்ட அடிப்பகுதி, எல்லாம் ஒரே கறுப்பு. இதற்கு ஷெர்லக் ஹோம்ஸ் என்று விடை கொடுத்திருந்தார்கள். “எதை வைத்து ஹோம்ஸ் என்கிறீர்கள்? சோலாத் தொப்பி அணிந்து வேட்டைக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரத் துரை என்று ஏன் சொல்லக்கூடாது?” என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

போட்டியை நடத்துவோர் தங்கள் அறிவிப்பில், நிழலுருவம் என்பது ஒரு கதாபாத்திரத்தின் வடிவச் சாரம் என்றும், நல்ல பாத்திரமாயின் வடிவத்தை மட்டும் கொண்டே எவரும் அதை அறிந்துவிடலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். இந்த இலக்கணத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கண், நிறம், ஆடையின் மடிப்பு, முகபாவம் ஆகிய உள்விவரங்கள் அனைத்தையும் கறுப்பு விழுங்கிய பிறகு எஞ்சுவது வெளிக்கோடு ஒன்றுதான். அந்தக் கோட்டிலும் எல்லா இடங்களும் சமமாகப் பேசுவதில்லை. 1954-ஆம் ஆண்டு பிரெட் அட்னீவ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர், உறங்கும் பூனையொன்றின் கோட்டோவியத்தில் கோடு மிகுதியாக வளையும் 38 புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்துக் காட்டினார். பூனை பூனையாகவே தெரிந்தது. கோடு நேராக ஓடும் இடத்தில் நமக்குக் கிடைக்கும் செய்தி சொற்பம். அது திரும்பும் இடத்தில்தான் கண் நின்று படிக்கிறது.

மனிதத் தலை பெரும்பாலும் உருண்டையாகையால், அதன் வெளிக்கோட்டில் மூக்கையும் மோவாயையும் தவிர அப்படிப்பட்ட திருப்பங்கள் அதிகமில்லை. ஹோம்ஸுடைய கழுகு மூக்கு பிரசித்தமானதே. ஆனால் கழுகு மூக்குள்ளவர்கள் உலகில் ஏராளம். ஆகவே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் திருப்பங்களை உடல் தருவதில்லை, மேலே சேர்க்கும் பொருள்களே தருகின்றன. மாதிரிப் படத்தில் தொப்பியின் முன்விளிம்பும் பின்விளிம்பும் இரண்டு கூர்முனைகள். காதுமடல்களை மேலே தூக்கி நாடாவால் கட்டிய முடிச்சு மூன்றாவது. சுங்கானின் வளைவும், அந்த வளைவுக்கும் மோவாய்க்கும் நடுவே அகப்பட்டுக் கொண்ட சிறு வெண்மையான இடைவெளியும் நான்காவது. கண்ணுக்கு அந்த இடைவெளி கறுப்பைப் போலவே முக்கியம். நேரான சுங்கானாக இருந்திருந்தால் அது முகத்திலிருந்து ஒரு குச்சிபோல நீட்டிக்கொண்டிருக்குமே தவிர, இப்படி ஒரு வெள்ளைத் துண்டை வளைத்துப் பிடித்திராது.

இவற்றுள் எது தனித்து நின்றாலும் பயன் இல்லை என்பதுதான் இதிலுள்ள யுக்தி. சுங்கான் மட்டும் என்றால் துப்பறியும் மெக்ரே, மாலுமி போபாய், டின்டின் கதைகளில் வரும் கேப்டன் ஹடாக் எல்லோரும் உரிமை கொண்டாடலாம். தொப்பி மட்டும் என்றால் ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்குச் சென்ற எந்தக் கனவானும் அதற்குரியவராகலாம். இரண்டும் ஒரே தலையில் கூடும்போது மற்ற எல்லோரும் விலகிவிடுகிறார்கள். துரை என்று எழுதியவர்களுக்கும் விடை இங்கேயே இருக்கிறது: சோலாத் தொப்பிக்கும் இருபுறமும் விளிம்பு உண்டு, உச்சியில் குமிழும் உண்டு, ஆனால் அதன் கூடு தலையை விட்டு விலகி உயர்ந்து நிற்கும், பின்விளிம்பு பிடரியை மறைக்கும்படி நீண்டு சரியும். மான்வேட்டைத் தொப்பியோ மண்டையை ஒட்டிக் கிடக்கும். அதன் இரு விளிம்புகளும் குட்டையானவை, ஏறக்குறைய சமமானவை. விளிம்பின் நீளத்தை ஒரு காகிதத் துண்டால் அளந்து பார்த்தாலே வித்தியாசம் புலப்படும்.

ஆனால் இந்தத் தொப்பி எங்கிருந்து வந்தது என்று பார்க்கும்போதுதான், வடிவச் சாரம் என்ற பேச்சு எவ்வளவு பலவீனமானது என்று தெரிகிறது. கானன் டாயில் தம் கதைகளில் ஓரிரு இடங்களில், ஹோம்ஸ் நாட்டுப்புறத்துக்கு ரயிலேறும் சமயத்தில், தலையோடு ஒட்டிய துணித் தொப்பி என்றும், காதுமடல் வைத்த பிரயாணத் தொப்பி என்றும் எழுதியதோடு நிறுத்திக்கொண்டார். 1891-இல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் பாஸ்கோம் பள்ளத்தாக்குக் கதைக்குப் படம் வரைந்த சிட்னி பேஜெட் அதை மான்வேட்டைத் தொப்பியாகத் தீர்மானித்தார். அதே பேஜெட் லண்டன் வீதியில் ஹோம்ஸை வரையும்போது, அக்காலத்து நகர மரியாதைப்படி உயர்ந்த பட்டுத் தொப்பியைத்தான் வைத்தார்; அவர் வரைந்த சுங்கான்களும் நேரானவையே. வளைந்த சுங்கான், 1899-ஆம் ஆண்டு முதல் மேடையில் ஹோம்ஸாக நடித்த அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெட்டோடு வந்து ஒட்டிக்கொண்டது என்பது பொதுவான வழக்கு. வசனம் பேசும்போது முகம் மறையாமலிருக்க அவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். அது பின்னால் பொருத்திச் சொன்ன காரணமாகவும் இருக்கலாம். எப்படியாயினும், ஒருவர் எழுதிய பாத்திரத்துக்கு ஓவியர் தொப்பியையும் நடிகர் சுங்கானையும் அளித்தார்கள்; இன்று பேக்கர் வீதிச் சுரங்க ரயில் நிலையத்துச் சுவர் ஓடுகளில் தெரிவது அந்த இரவல் பொருள்களின் வெளிக்கோடுதான். பட்டுத் தொப்பியோடு லண்டனில் நடந்த ஹோம்ஸின் நிழலை அச்சிட்டிருந்தால், விக்டோரியா காலத்து ஆயிரம் கனவான்களிலிருந்து அவரை யாராலும் பிரித்திருக்க முடியாது.

உடல் வடிவத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அதே தொப்பியையும் சுங்கானையும் வேறொரு பிராணிக்குச் சூட்டிப் பார்க்கலாம். 1986-இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ஒரு சித்திரப் படத்தில் துப்பறிபவன் ஓர் எலி. காதும் மூஞ்சியும் வாலும் எலிக்கே உரியவை. ஆயினும் அந்தத் தொப்பியும் சுங்கானும் கூடிய மாத்திரத்தில், அவன் யாருடைய சாயல் என்று குழந்தைகளும் கண்டுகொள்கிறார்கள். உடல் முழுதும் மாறியும் அடையாளம் மாறவில்லையென்றால், அடையாளம் உடலில் இருந்ததில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

தொப்பியும் சுங்கானும் இல்லாமலே ஹோம்ஸின் நிழல் ஒருவரை ஏமாற்றிய சந்தர்ப்பமொன்றை டாயிலே எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1903-இல் வெளிவந்த காலி வீடு பற்றிய கதையில், ஹோம்ஸ் தம்முடைய தலையை மெழுகில் செய்வித்து, பழைய அங்கியொன்றைப் போர்த்தி, விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் தம் அறையின் ஜன்னல் திரைமேல் விழும்படி வைத்துவிட்டு, எதிர்வீட்டு இருட்டில் வாட்சனுடன் காத்திருக்கிறார். கால்மணிக்கு ஒருமுறை ஹட்சன் அம்மாள், தம் நிழல் திரையில் படாதபடி முழந்தாளிட்டுச் சென்று பொம்மையைத் திருப்பி வைக்கிறாள். கொல்ல வந்த கர்னல் மோரன் அந்த நிழலை நம்பிச் சுட்டுவிடுகிறான். குறி பார்ப்பதில் பெயர்பெற்ற வேட்டைக்காரனான அவன் மதிகெட்டவனல்லன். அது ஹோம்ஸின் ஜன்னல், ஹோம்ஸ் ஊர் திரும்பிவிட்டார் என்ற செய்தி முன்பே அவனுக்கு எட்டியிருந்தது, நிழல் அவ்வப்போது அசைகிறது. இடமும் எதிர்பார்ப்பும் அசைவும் சேர்ந்து விடையை முன்கூட்டியே சொல்லிவிட்டன. நிழல் அதை மறுக்காமல் இருந்தால் போதுமாயிருந்தது. அச்சடித்த காகிதத்தில் ஜன்னலும் இல்லை, அசைவும் இல்லை. அவை செய்த வேலையைத் தொப்பியும் சுங்கானும் செய்ய வேண்டியிருக்கிறது. என் மனத்தை உறுத்துவதும் இதுவே: சூழ்நிலை, பொருள்கள் ஆகிய இவ்விரண்டில் எதைக் கொண்டு நாம் அறிந்தாலும், அந்த மனிதரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அறிந்திருக்கிறோம், ஆகையால் அதே பொருள்களைச் சூடி வருகிற எவரையும் அவராகவே வரவேற்றுவிடுவோம்.

வெட்டிய படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கத்தரித்த இடத்திலுள்ள நேர்விளிம்பு உருவத்தின் கோடு அன்று. பௌலர் தொப்பியின் உருண்டையான உச்சியைப் படத்தின் மேல்விளிம்பு வெட்டிவிட்டால், அது தட்டையான உச்சியுள்ள வேறு தொப்பியாகத் தோன்றும். அந்தத் தட்டையான இடத்தை முதலில் கையால் மறைத்துவிட்டு மற்றக் கோட்டைப் படியுங்கள். வெட்டு எதைக் கொண்டுபோயிற்று என்பதையும் யோசிக்க வேண்டும். சாப்ளினுடைய நாடோடிக்குப் பிரம்பும், தொளதொளத்த காற்சட்டையும், பெரிய ஜோடுகளும் இடுப்புக்குக் கீழே இருக்கின்றன. மார்போடு வெட்டினால் எஞ்சுவது பௌலர் தொப்பி ஒன்றே, அதை அகதா கிறிஸ்டியின் பாய்ரோவும் அணியலாம். மீசை உதவும் என்று நினைப்பவர்கள், நேர்முகமான நிழலில் சாப்ளினின் குறுமீசை முகத்தின் கறுப்பிலேயே கரைந்துவிடும் என்பதையும், பாய்ரோவின் முறுக்கிய மீசை முனைகள் கன்னத்தைத் தாண்டி நீண்டிருந்தால் மட்டுமே வெளிக்கோட்டில் தலைகாட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். இடுப்புக்குக் கீழுள்ளவையும் மீசையும் தெரியாத படத்துக்கு நிச்சயமான விடை இல்லை; அப்படியொரு படத்தைப் போட்டிக்கு வைப்பது வைத்தவர்களின் குற்றம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இடவலம் மாற்றி அச்சிட்டால் அடையாளம் கெடுமா? பெரும்பாலும் கெடாது, தலைகீழாக்கினால்தான் கஷ்டம்.

மூக்குக் கண்ணாடி நிழலில் தெரியுமா? நேர்முகத்தில் தெரியாது, வரைபவர் கண்ணாடி வட்டங்களை வெள்ளையாக விட்டிருந்தாலொழிய.

பூதக்கண்ணாடியால் பெரிதாக்கிப் பார்க்கலாமா? படத்தை எட்ட வைத்துச் சிறிதாக்கிப் பார்ப்பதே நல்லது.

ஒரே படத்துக்கு இரண்டு பெயர்கள் எழுதலாமா? முதலில் எழுதிய பெயர் மட்டுமே கணக்கில் சேரும்.