சப்ளையருக்கு மதிப்பெண்

மூலப்பொருளோ உதிரிபாகமோ தரும் சப்ளையர் ஒவ்வொருவரும் சொன்ன நாளில் சரக்கு தந்தாரா, தந்ததில் எவ்வளவு கழிந்தது, என்ன விலை வாங்கினார் என்ற மூன்றையும் எண்ணாக்கி ஒரே தாளில் வைப்பதே சப்ளையர் மதிப்பெண் அட்டை. அடுத்த ஆர்டரை யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்பதைப் பர்ச்சேஸ் பிரிவு அதைப் பார்த்து முடிவு செய்கிறது. இந்த மூன்று அளவுகோல்களும் புதியவை அல்ல. அமெரிக்காவில் டிக்சன் என்பவர் 1966இல் கொள்முதல் மேலாளர்களிடம் 23 அளவுகோல்களைக் கொடுத்துக் கேட்டபோது, தரத்துக்கு முதலிடமும் குறித்த நாளில் தருவதற்கு இரண்டாமிடமும் கிடைத்தன. ஐ.எஸ்.ஓ. 9001 சான்று பெற்ற ஆலைகள் சப்ளையர்களைத் தொடர்ந்து மதிப்பிட்டுப் பதிவு வைத்தாக வேண்டும். அதனால் பல ஆலைகளில் இந்த அட்டை இருக்கவே செய்கிறது. ஆனால் ஆடிட்டர் வருகிற வாரத்தில்தான் அது நிரப்பப்படுகிறது என்பது வேறு கதை.

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப் செய்யும் ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம், எண்கள் விளக்கத்துக்கானவை. பம்பின் வெளிக்கூட்டுக்கான இரும்பு வார்ப்பு ஒவ்வொன்றும் 8 கிலோ. முதல் பவுண்டரி கிலோ 110 ரூபாய்க்குத் தருகிறது, அதாவது வார்ப்பு ஒன்று 880 ரூபாய். இரண்டாவது 112 ரூபாய் கேட்கிறது, அதாவது 896. இருவரிடமும் மாதம் ஆயிரம் வார்ப்புகள் வீதம் ஒரு வருடம் வாங்கியாயிற்று. விலைப்புள்ளியை மட்டும் பார்த்தால் முதல் பவுண்டரிதான்.

தாமதத்தை அளப்பது சுலபம் போலத் தோன்றும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று கேட்கும்போதுதான் சிக்கல் தெரியும். லாரி கேட்டுக்குள் நுழைந்த நாளை எடுக்க வேண்டும். ஸ்டோர்ஸில் வரவுச் சீட்டு போட்ட நாளை எடுத்தால், சரக்கைச் சரிபார்க்க ஆளில்லாமல் ஆலையே கடத்திய நான்கு நாள் சப்ளையர் தலையில் விழும். மறுபக்கம், சரக்கு வராது என்று தெரிந்ததும் போனில் பேசி ஆர்டரில் தேதியைத் தள்ளிப் போட்டுவிட்டால், எவ்வளவு தாமதமும் கணக்கில் பூஜ்யமாகிவிடும். முதலில் ஒப்புக்கொண்ட தேதியை அழிக்காமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

சராசரியும் ஏமாற்றும். முதல் பவுண்டரியின் 12 லோடுகளில் ஐந்து தாமதம்: 6, 4, 9, 3, 8 நாள், மொத்தம் 30. மற்ற ஏழும் தலா நான்கு நாள் முன்னதாகவே வந்துவிட்டன, மொத்தம் 28. இரண்டையும் கழித்துச் சராசரி எடுத்தால் ஒரு லோடுக்குக் கால் நாள்கூடத் தாமதமில்லை. ஆனால் ஒன்பது நாள் பிந்திய லோடால் அசெம்பிளி நின்றதை, வேறொரு மாதம் நான்கு நாள் முன்னால் வந்த லோடு ஈடுகட்டாது. அது இடத்தைத்தான் அடைத்துக்கொண்டிருந்தது. எனவே முன்வரவைப் பூஜ்யமாக வைத்து, 12 லோடில் எத்தனை நேரத்துக்கு வந்தன என்று எண்ணுவதே நல்லது. முதல் பவுண்டரிக்கு 7, அதாவது 58 சதவீதம். இரண்டாவதற்கு 11, அதாவது 92.

கழிவை எண்ணுவது இன்னும் நுணுக்கமானது. வார்ப்பின் மேல்தோலில் தெரியும் குறையை ஸ்டோர்ஸிலேயே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே அடைபட்ட காற்றுத் துளையும் மணலும் லேத்தில் ஏற்றி உலோகத்தைச் சீவிய பிறகுதான் வெளிப்படும். அது மூன்று வாரம் கழித்து நடக்கலாம். வார்ப்பில் எந்த உருக்கிலிருந்து வந்தது என்ற எண் பொறித்திருந்தால்தான் எந்த லோடு என்று பிடிக்க முடியும். கழிவையும் கண்ட மாதத்தில் அல்ல, அந்த லோடு வந்த மாதத்தில் எழுத வேண்டும். நம் கணக்கில் முதல் பவுண்டரியின் ஆயிரத்தில் 60 கழிந்தன. அவற்றில் 50 லேத்தில் ஏறிய பிறகு. இரண்டாவதில் 15; லேத்தில் தெரிந்தவை 12.

இனி மதிப்பெண். தரத்துக்கு 40, தாமதத்துக்கு 30, விலைக்கு 30 என்று எடை வைக்கிறார்கள் என்போம். தரத்தில் ஏற்கப்பட்ட சதவீதம் 94, 98.5, விலையில் குறைந்த விலைக்கு 100, மற்றவருக்கு 98.2. எடையால் பெருக்கிக் கூட்டினால் முதல் பவுண்டரிக்கு 85, இரண்டாவதற்கு 96. பதினொரு புள்ளி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தால் வேடிக்கை தெரியும். 40 எடை கொடுத்த தரம் உண்டாக்கிய வித்தியாசம் இரண்டு புள்ளிகூட இல்லை. 30 எடை கொடுத்த தாமதம் பத்துப் புள்ளி. கழிவு நான்கு மடங்கு என்றாலும் 94, 98.5 என்று எழுதும்போது பக்கத்துப் பக்கத்து எண்ணாகிவிடுகிறது. தாளில் எழுதிய எடை ஒன்று, உண்மையில் வேலை செய்யும் எடை வேறு. கழிவே இல்லையென்றால் 100, ஐந்து சதவீதத்தைத் தொட்டால் பூஜ்யம் என்று அளவுகோலை இறுக்கினால் முதல் பவுண்டரிக்குத் தரத்தில் பூஜ்யமும் இரண்டாவதற்கு 70உம் வரும். பல அட்டைகளில் எல்லா சப்ளையரும் தொண்ணூறுக்கு மேல் வாங்குவதற்குக் காரணம் இந்த அளவுகோல் தளர்வுதான்.

மதிப்பெண் யார் மேல் என்று சொல்லும். எத்தனை ரூபாய் மேல் என்று சொல்லாது. அதற்குக் குறைகளை ரூபாயாக்க வேண்டும். கழிந்த வார்ப்பின் விலையை டெபிட் நோட் போட்டு வாங்கிவிடலாம், லேத்துக் கூலி திரும்பாது. வார்ப்பு ஒன்றுக்கு லேத்துச் செலவு 150 ரூபாய் என்றால், முதல் பவுண்டரியின் ஆயிரத்துக்கு 7,500 வீண். வார்ப்புக்கு ஏழரை ரூபாய். இரண்டாவதில் ரூ.1.80. தாமதத்தால் வருடத்தில் நான்கு நாள் அசெம்பிளி நின்றது, நாளுக்கு 40,000 ரூபாய் நஷ்டம் என்றால், 12,000 வார்ப்புகளில் பகிர வார்ப்புக்கு சுமார் ரூ.13.30. இரண்டாவது பவுண்டரியின் ஒரே தாமதம் இருப்பிலிருந்த சரக்கால் சமாளிக்கப்பட்டது. ஆக 880 ரூபாய் வார்ப்பு உண்மையில் 901 ரூபாய். 896 ரூபாய் வார்ப்பு 898. பதினொரு புள்ளி இடைவெளி, பணத்தில் மூன்று ரூபாய்தான். இரண்டாவது பவுண்டரி கிலோவுக்கு இன்னும் ஐம்பது பைசா ஏற்றினாலே அந்த மூன்று ரூபாயும் போய்விடும்.

இவ்வளவு சிறிய வித்தியாசத்துக்காக முழு ஆர்டரையும் மாற்றுவது சரியல்ல. இரண்டாவதிடம் கூடுதல் வார்ப்புக்கு உலையில் இடமிருக்கிறதா என்பதும் அட்டையில் இல்லை. ஆர்டரைப் பாதிப் பாதியிலிருந்து 60:40 ஆக்கி, முதல் பவுண்டரிக்கு அட்டையைக் காட்டி, காற்றுத் துளைக் கழிவை இரண்டு காலாண்டில் பாதியாக்கச் சொல்வதே நடைமுறையில் பலன் தரும். வருடத்துக்கு மூன்று லோடு மட்டும் தரும் சப்ளையருக்குச் சதவீதம் போடுவதும் வீண். ஒரு லோடு பிந்தினாலே அவர் 67க்கு இறங்கிவிடுவார்.

தாமதமான ஐந்து லோடுகளுக்கும் காரணம் எழுத ஒரு கட்டம் வேண்டும். வார்ப்புக்கான பேட்டர்னை ஆலை பிந்தி அனுப்பியிருக்கலாம், வரைபடத்தை நடுவில் மாற்றியிருக்கலாம். சிறு பவுண்டரிகளுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்கிறது. பணம் 90 நாள் இழுத்தால் பன்றி இரும்பு வாங்கக் காசில்லாமல் அடுத்த லோடு பிந்தும். அப்படிப்பட்ட லோடுகளை அட்டையில் தனியே குறித்துவைத்து, சப்ளையரின் மதிப்பெண்ணில் சேர்க்காமல் விட வேண்டும்.