தொகை சொல்லும் வாய் ஒன்று

மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தப் பேச்சு என்று வைத்துக்கொள்வோம். தொழிற்சங்கம் மாதம் 6,000 ரூபாய் உயர்வு கேட்கிறது. நிர்வாகம் 3,000-இல் நிற்கிறது. சங்கத் தலைவர் 5,500 என்று இறங்கும்போதே பக்கத்தில் இருப்பவர், "ஐயாயிரமாவது குடுங்க சார்" என்கிறார். 5,500 அங்கேயே செத்தது. அதனால்தான் தொகையை ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும்.

குறிப்பெடுப்பவர் தொகையோடு நிபந்தனையையும் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். "உற்பத்தி கூடினால் 4,000" என்பதை வெறும் 4,000 என்று எழுதினால், கையெழுத்து நாளில் தகராறுதான்.

பார்வையாளரைப் பலர் வெட்டி ஆள் என்று நினைப்பார்கள். எனக்கென்னவோ அவர்தான் முக்கியம். அவர் வாய் திறப்பதில்லை. எதிரே இருக்கும் கணக்கு அதிகாரியையே பார்க்கிறார். "அடிப்படைச் சம்பளத்தில் சேருங்கள்" என்றதும் அதிகாரி கால்குலேட்டரை எடுக்கிறார். படியாகக் கேட்டபோது எடுக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் ஏறினால் பி.எஃப்., கிராஜுவிட்டி செலவும் ஏறும். அவர்களுக்கு உறுத்துவது தொகையைவிட அது சேரும் இடமாக இருக்கலாம்.

இதைத் தலைவரிடம் சொல்லத்தான் இடைவேளை. புதுத் தொகை வந்ததும், பதில் சொல்வதற்கு முன்பே, பதினைந்து நிமிடம் கேட்க வேண்டும். தாழ்வாரத்தில் நின்று பேசக் கூடாது, தனி அறை வேண்டும். முதலில் குறிப்பை வாசிப்பது, பிறகு பார்வையாளர் கண்டதைச் சொல்வது, கடைசியில் ஒரே முடிவு: மொத்தம் 4,800, அதில் 3,000 அடிப்படையில், மீதி படியாக. திரும்பியதும் தலைவரே அதைச் சொல்கிறார்.

ஒவ்வொரு வரிக்கும் எழுந்து போனால் மட்டும், அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமே இல்லை என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டுவிடும்.