"வேற ஆஃபர் இருக்கா?"

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை மாற நினைக்கும் ஐ.டி. ஊழியர் எவரும் எச்.ஆரின் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது: "வேற ஆஃபர் ஏதாவது கையில இருக்கா?" இருக்கிறது என்றால் பந்தா, இல்லை என்றால் இளக்காரம் என்று பயந்து, இல்லாத ஆஃபரை இருப்பதாக அளந்துவிடுபவர்களும் உண்டு.

எச்.ஆரின் கவலை சம்பளம் மட்டுமல்ல. பல ஐ.டி. நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். சரி என்று தலையாட்டியவர் அந்த மூன்று மாதத்துக்குள் வேறிடம் பார்த்துக்கொண்டு, சேரும் நாளில் போனையே எடுக்காமல் இருப்பது அவர்களுக்குப் பழகிய தலைவலி. 'இவர் வந்து சேருவாரா?' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

ஹார்வர்ட் பிஸினஸ் ஸ்கூல் பேராசிரியர் தீபக் மல்ஹோத்ரா, வேலைக்கான பேரம் பற்றி 2014-இல் எழுதிய கட்டுரையில் சங்கடமான கேள்விகளில் ஒன்றாக இதையும் சேர்த்திருக்கிறார். பொய் கூடாது, பதிலை முன்பே யோசித்து வைத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கையில் ஒன்றும் இல்லாதவர் என்ன சொல்லலாம்? "இப்போதைக்கு இல்ல மேடம். இருக்கிற வேலையில பிரச்சினை இல்லாததால அவசரமும் இல்ல. இந்த ரோல் பிடிச்சுதான் வந்தேன்." இருக்கும் வேலையே அவருக்குப் பிடிமானம். ஏற்கெனவே ராஜினாமா கொடுத்தவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. சீக்கிரம் சேர முடியும் என்பதே அவருடைய பலம்.

ஆஃபர் இருப்பவருக்குத்தான் சிக்கல் அதிகம். ஒருவரிடம் 14 லட்சம் சி.டி.சி. ஆஃபர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 2 லட்சம் வேரியபிள். நிறுவனமும் அவரும் நன்றாகச் செய்தால்தான் முழுதாகக் கிடைக்கும். "14 இருக்கு" என்று மொட்டையாகச் சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் "ஃபிக்ஸட் எவ்வளவு?" என்ற அடுத்த கேள்வியிலேயே குரல் இறங்கிவிடும். "நாலு கம்பெனி துரத்துது" என்பது அதைவிட மோசம்.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "ஒரு ஆஃபர் இருக்கு. ஃபிக்ஸட் 12, வேரியபிள் 2. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். ஆனா வேலையைப் பார்த்தா எனக்கு இங்க வரத்தான் விருப்பம். ஃபிக்ஸட் 13 கிடைச்சா இன்னைக்கே சரின்னு சொல்லிடுவேன்." எச்.ஆர். மேலதிகாரியிடம் போய்ப் பேச இதுவே போதும். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை.

சிலர் ஆஃபர் லெட்டரின் நகலைக் கேட்பார்கள். அளந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடிதத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று முதலில் படித்துப் பார்க்க வேண்டும். இருந்தால், அதையே சொல்லி மறுத்துவிடலாம்.

ஒன்று மட்டும். 13 கொடுத்தால் உண்மையிலேயே சேருவீர்கள் என்றால் மட்டும் 13 என்று சொல்லுங்கள்.